எட்டுக்குப் பத்து

கச்சான் காத்து தொடங்கிவிட்டால் மருதமுனையில் ஒருத்தரும் ஒருத்தரோடு பொறுமையாகக் கதைப்பதில்லை. மேற்கே வயல்களையெல்லாம் வறுத்தெடுத்துக்கொண்டு வருகிற அந்தக் காய்ந்த காத்து, மத்தியானத்தில் தறிக் கொட்டிலுக்குள் புகுந்தால் நூல் சும்மா சும்மா அறும். அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் இன்னொன்று அறும். மனிசருக்கு வாயில் நல்ல சொல் வருமா?

அப்படியொரு மத்தியானம். கமீலா தறியில் இருந்தாள். அவளுடைய ஒரே மகள் றம்ஸியா பக்கத்தில் குந்தியிருந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பேராதனையில் படித்துப் பட்டம் வாங்கி வந்தவள், பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு நூல் சுற்றினாள். நியமனம் வரும் வரும் என்று இரண்டு கச்சான் போய்விட்டது. அவள் படித்த படிப்பால் ஊருக்குக் கிடைத்த பிரயோசனம், மருந்துப் போத்தலில் ஒட்டியிருக்கிற இங்கிலீசை வாசித்துச் சொல்வது ஒன்றுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம், ஸைனம்பு மாமியின் வீட்டில், சத்தம் வளவு கடந்து வந்தது. மாமி றம்ஸியாவின் வாப்பாவுடைய கூடப்பிறந்த தங்கச்சி. அவளுக்கு இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகள். மூத்தவன் றிபாஸ் சவூதியில் இருந்து லீவில் வந்திருந்தான். இளையவன் ஜவாத் வாப்பாவோடு வயலில் கிடப்பவன்.

"மகள்! றம்ஸியா! இஞ்ச ஒருக்கா வாகா! இவனுகள் ரெண்டு பேரும் என்ன உசிரோட மையித்தாக்கப் போறானுகள்!"

றம்ஸியா கையைத் தட்டிவிட்டு எழும்பினாள். கமீலா தறியை நிறுத்தாமலே சொன்னாள்: "போய்ப் பாத்திட்டு வா. தலத்துணியப் போடு."

மாமியின் மண்டபத்து மேசையில் படங்கள் பரந்து கிடந்தன. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு றிபாஸ் வேன் பிடித்து, நெய்த சாரங்களை விற்க வெளியூர் போயிருந்த றம்ஸியாவின் வாப்பாவைத் தவிர, எல்லாரையும் நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் வந்திருந்தான். அம்பாறையால் ஏறி, சியம்பலாண்டுவ, மொனராகலை, பண்டாரவளை என்று, செக்பொயின்றுக்குச் செக்பொயின்று இறங்கி ஏறி, மாமி வழி நெடுக சத்தியெடுத்து, போய்ச் சேர்ந்த பயணம். அந்தப் பயணத்துப் படங்கள். கமெரா றிபாஸ் சவூதியில், தம்மாமில் வாங்கியது. படங்களுக்கு நடுவில் ஒரு பிரேம். அதுவும் தம்மாமில் வாங்கியது. பொன் நிறத்தில் பூவேலை, உள்ளே கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் நடுவில் வெட்டின வெள்ளை மட்டை.

"ஒரு பிரேம்தான் இரிக்கி," என்றான் றிபாஸ். "இன்னொண்டு செய்யலாம்தான். ஆனா வாப்பா விடமாட்டார்."

வாப்பா என்றது மாமியின் புருசன் மீராமுகைதீன் மாமா. அவர் கதிரையில் சாய்ந்திருந்து வாயைத் திறந்தார்: "படம் தொங்குற ஊட்டுக்கு மலக்குமார் வானத்தால எறங்கி வரமாட்டாங்க எண்டு பள்ளியில என்னப் பாத்துப் பாத்துச் செல்றானுகள். இவன் ஆசப்பட்டுக் கொண்டந்திட்டான். ஒண்டு மாட்டுங்க. மேற்குச் செவத்தில வேணாம், தொழக்குள்ள முன்னுக்கு நிக்கும். கிழக்குச் செவத்தில ஒண்டே ஒண்டு. மறுகா ரெண்டாவது ஆணி அடிச்சா சுத்தியல எடுத்து ஆத்துக்க எறிவன்."

அவ்வளவு சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய பங்கு அதோடு முடிந்தது.

"இந்தா மச்சி, நீ பாரு." றிபாஸ் ஒரு படத்தை மாமன் மகளின் கையில் வைத்தான். "ஹக்கலைத் தோட்டத்து வாசல். எல்லாரும் நிக்கிறம். ஒருத்தரும் மிச்சமில்ல. வேன் றைவரக் கொண்டு அடிச்ச படம்."

வரிசையாக ஆறு பேர். இடது தொங்கலில் றம்ஸியா. அவளுடைய தோளில் கை போட்டபடி கமீலா. பிறகு மாமி. நடுவில் புதுச் சேட்டோடு றிபாஸ். அவனுக்குப் பக்கத்தில் ஜவாத், வெயில் கண்ணில் பட்டு முகத்தைக் கோணிக்கொண்டு. வலது தொங்கலில் மாமா, தேத்தண்ணிப் பிளாஸ்கைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு.

"எல்லாரும் நிக்கிறாங்க, ஓம்," என்றான் ஜவாத். "ஐடென்ரிகாட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாங்க. ஒருத்தர்ர முகத்திலயும் உசிரில்ல. இதப் பாரு மச்சி."

அவனுடைய படம் வாவிக்கரையில் எடுத்தது. ஒரு நீள மர வாங்கில் இந்தத் தொங்கலில் மாமா, அந்தத் தொங்கலில் ஜவாத் குந்தியிருக்கிறார்கள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். மாமா வாய் திறந்து, வெற்றிலைக் காவி ஏறின பல் தெரிய, தலைத் தொப்பி சரிய. ஐஸ்பழம் உருகி அவருடைய முழங்கையால் ஒழுகுகிறது.

"வாப்பா இப்பிடிச் சிரிச்சு நீ பாத்திருக்கியா?" ஜவாத்தின் குரல் உயர்ந்தது. "தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகு, காணிப் பக்கம் போக ஏலாமக் கெடந்தமே, அந்த நாளையில இருந்து இந்த மனிசன் பல்லக் காட்டினதில்ல. நான்தான் பக்கத்தில கெடந்தன். எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு செவத்தில இரிக்கணும்."

"அதில நானில்ல," என்றான் றிபாஸ்.

"நீங்கதானே காக்கா கமெராவப் புடிச்ச," என்றான் ஜவாத் அண்ணனிடம்.

"அதத்தான் செல்றன். ஏழு வருஷம் இந்த ஊட்டு நல்லது கெட்டது ஒண்டிலயும் நானில்ல. காசு மட்டும் வந்திச்சி. அடுத்த மாசம் மறுகா போறன். நான் போன பிறகு செவரப் பாத்தா, அதிலயும் நானில்லாமத்தான் இரிக்கணும், என்னடா?"

"காக்கா, செவத்தில தொங்குறத்துக்கு நீங்க என்ன, கலண்டரா?"

"வாய மூட்றா மண்வெட்டி!"

"தம்மாம் ஒட்டகம்!"

மாமி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள். "கேட்டியா? மூணு நாளா இதுதான். சோறு வெச்சாலும் இதுதான், பாய் போட்டாலும் இதுதான். நான் செல்லவும் ஏலா. ஒண்டச் சென்னா மத்தவன் கோவிக்கிறான். நீ செல்லு மகள். மச்சி செல்லட்டும். நீ கம்பஸ் படிச்சவள். நீ எதக் கைகாட்டுறியோ அதத்தான் மாட்டுற. என்னடா, ஓமா?"

"ஓம்," என்றான் றிபாஸ்.

"ஓம்," என்றான் ஜவாத். இரண்டு பேரும் அவ்வளவு கெதியாக ஒத்துக்கொண்டதற்குக் காரணம், மச்சி தன் படத்தைத்தான் சொல்வாள் என்று இரண்டு பேரும் நம்பினதுதான்.

றம்ஸியாவும் ஒத்துக்கொண்டாள். ஏன் என்று பிறகு யோசித்து யோசித்துத் தன்மேலேயே எரிச்சல்பட்டாள். அவளிடம் ஒரு விசயத்தைக் கேட்டு, நீ சொன்னால் சரி என்று யாராவது சொல்லி எவ்வளவு காலம்! மேசையைச் சுற்றி மூன்று பேர் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு நல்லாய்த்தான் இருந்தது.

"சும்மா பாத்துச் செல்ல ஏலா," என்றாள். "ரெண்டையும் தாங்க, நெகற்றிவையும் தாங்க. விசாரிச்சிட்டுச் செல்றன்."

"பாத்தீங்களா," என்றாள் மாமி, கண் மினுங்க. "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்."

அன்று பின்னேரம் கமீலா கீரிமீன் பொரித்தாள். வழக்கமாக ஒரு வார்த்தைக்கு மேல் பேசாதவள், அடுப்படியில் இருந்துகொண்டு மெல்லச் சிரித்தாள்.

"என்ன உம்மா சிரிக்கீங்க?"

"ஒண்டுமில்ல. எந்தப் படம்?"

"இன்னும் பாக்கல்ல."

"றிபாஸ்ட படம் எண்டா சவூதிச் சம்பளம். ஆனா தூரம். ஜவாத்ட எண்டா கண்ணுக்கு முன்னுக்கு இரிப்பான். எனக்கு ரெண்டும் ஒண்டுதான் மகள். ஒன்ட விருப்பம்."

றம்ஸியாவின் கையில் பீங்கான் அப்படியே நின்றது. "என்ன கதைக்கீங்க?"

"மாமி நேத்தே வந்து கதைச்சிட்டுப் போய்ட்டா. ஒன்ட பேருக்குக் கட்டுற ஊட்டுக்கு அத்திவாரம் போட்டு எவ்வளவு காலம்? மாப்புள வரணும், ஊட்ட முடிக்கணும். மாமிட ரெண்டு பேரில ஒருத்தன் எண்டது நீ தொட்டில்ல கெடக்கக்குள்ள பேசின பேச்சு. இந்தக் காலத்துப் புள்ளயள்ட விருப்பத்தக் கேக்காமச் செய்யக்கூடாதெண்டு மாமிதான் சென்னா. வாய் விட்டுக் கேட்டா நீ வெக்கப்படுவாய் எண்டு, இவனுகள்ட சண்டை வரக்குள்ள, சரி, இத அவள்ட கையில குடுப்பம், எந்தப் படத்தத் தொடுறாளோ அவன்தான் மாப்புள எண்டு வெச்சிட்டா."

"அவனுகளுக்குத் தெரியுமா?"

"அவனுகளுக்கென்ன தெரியும்! ஆம்பிளயள். படத்துக்குச் சண்டை புடிக்கிறானுகள்."

"உம்மா, நான் படத்தத்தான் பாக்கப் போறன். மாப்புள பாக்க ஒத்துக்கொள்ளல்ல."

"ஓம் ஓம்," என்றாள் கமீலா, மீனைப் புரட்டிக்கொண்டே. "எல்லாப் புள்ளயும் முதல்ல அப்பிடித்தான் செல்ற."

றம்ஸியாவுக்குக் காது சுட்டது. நாலு வருஷம் கண்டியில் குளிரில் நடுங்கி நடுங்கிப் படித்து, வாதாடிப் பேசி, கட்டுரை எழுதி வந்தவள். தன்னுடைய வாழ்க்கையைப் பற்றி ஒரு கேள்வியை நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்லத் தெரிந்தவள். அதைக் கேட்காமல், ஒரு படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்துக் கேட்டிருக்கிறார்கள்! மாட்டேன் என்று படங்களைத் திருப்பிக் கொடுத்தால் இரண்டு மச்சானையும் வேண்டாம் என்று சொன்னதாக ஊர் சிரிக்கும். ஒன்றைச் சொன்னால் கலியாணம். நியமனம் வந்தால் எந்த ஊருக்குப் போட்டாலும் போவது, முதல் சம்பளத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பது, அதற்குப் பிறகு கலியாணத்தைப் பற்றித் தானே யோசிப்பது என்று அவள் மனசுக்குள் வைத்திருந்த ஒழுங்கு, பொரிக்கிற மீனுக்கு முன்னால் கவிழ்ந்து கிடந்தது.

சரி, என்று நினைத்தாள். படத்தைப் படமாகவே பார்ப்போம். நியாயம் கண்ணுக்கு முன்னால் நின்றால் யாரும் வேறு அர்த்தம் பிடிக்க ஏலாது.

அங்கேதான் அவள் பிழைவிட்டாள்.

அடுத்த நாள் கல்முனைக்குப் போனாள். அங்கே, பஸ் நிலையத்துக்குக் கிட்ட, பாக்கியராசா ஸ்ரூடியோ வைத்திருந்தார். பாண்டிருப்பு ஆள். கறுப்பு வெள்ளையை உள்ளே இருட்டறையில் தானே கழுவுவார். கலர் என்றால் கொழும்பு லாப்புக்கு பஸ்ஸில் அனுப்புவார். வாய் ஓயாத மனுசன்.

"பதினாறுக்கு இருவது அடிச்சு மாட்டுங்கோ தங்கச்சி. சுவர் நிறைஞ்சு நிக்கும்."

"பிரேம் இரிக்கி அண்ணன். எட்டுக்குப் பத்து. எந்தப் படம் பெரிசாக்கினா நல்லா வரும், அதுதான் தெரியணும்."

"ரெண்டும் வடிவாத்தானே இருக்கு. ரெண்டையும் அடிப்பம்."

"ஒண்டுதான். நெகற்றிவப் பாக்கணும்."

அவர் வெள்ளைக் கண்ணாடி பதித்த பெட்டியின் பல்பைப் போட்டு, படச்சுருள் துண்டுகளை அதன்மேல் வைத்தார். செம்மஞ்சள் படலத்துக்குள் எல்லாரும் தலைகீழ் நிறத்தில் நின்றார்கள். முகம் நீலம், பல் கறுப்பு, புல் ஊதா. றம்ஸியா அவருடைய சின்ன லென்ஸை வாங்கிக் குனிந்தாள். முதலில் ஹக்கலை. மாமியின் சீலைக் கரையில் இருந்த பூ ஒவ்வொன்றும் விளிம்பு வெட்டினாற்போல் நின்றது. பிளாஸ்கின் பிடி தெரிந்தது. பிறகு வாங்குப் படம். பார்த்தாள். லென்ஸை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

வாங்குக்குப் பின்னால், வாவிக்கு அந்தக் கரையில் நின்ற மரங்கள் கொப்புக் கொப்பாகத் தெரிந்தன. மாமாவின் முகமும் ஜவாத்தின் முகமும் ஈரத்தில் கரைந்தாற்போல் இருந்தன.

"அண்ணன், இது மரத்தப் புடிச்சிருக்கு. ஆளப் புடிக்கல்ல."

பாக்கியராசா குனிந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "ஓம், இந்தத் தானாப் பிடிக்கிற கமெராவில இதுதான் கரச்சல். நடுவில என்ன நிக்குதோ அதைத்தான் பிடிக்கும். இவை ரெண்டு பேரும் ரெண்டு தொங்கல்ல இருந்திட்டினம். நடு வெறும். அதுக்குள்ளால தூரத்து மரத்தைப் பிடிச்சுப் போட்டுது. ஒரு முகத்தை முதல் நடுவில வைச்சு, பட்டனைப் பாதி அமத்திப் பிடிச்சுக்கொண்டு, பிறகு திருப்பி அடிச்சிருக்க வேணும்."

"சின்னப் படத்தில தெரியல்லியே?"

"சின்னதில என்ன தெரியும்? எட்டுக்குப் பத்தாக்கினா முகம் பஞ்சாப் போகும். காசைத் தந்திட்டுப் பிறகு என்னைத்தான் ஏசுவீங்கள்."

றம்ஸியாவுக்கு நெஞ்சு லேசாயிற்று. இதோ நியாயம்! றிபாஸுமில்லை, ஜவாத்துமில்லை, வெறும் கண்ணாடியும் தூரமும். மனசுக்குள் அவள் ஜவாத்தின் படத்தைத்தான் விரும்பியிருந்தாள். அந்தச் சிரிப்பு மாதிரி ஒன்று மற்றப் படத்தில் இல்லை. ஆனால் தெளிவில்லாத சிரிப்பை எப்படிப் பெரிசாக்குவது?

பின்னேரம் மாமியின் மண்டபத்தில் எல்லாரும் கூடினார்கள். கமீலாவும் நல்ல சீலை உடுத்து வந்திருந்தாள். அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் றம்ஸியா படங்களை மேசையில் வைத்தாள்.

"கேளுங்க," என்றாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல். "நான் ஆளப் பாக்கல்ல. நெகற்றிவப் பாத்தன். வாங்குப் படத்தில மரம்தான் தெளிவு. முகம் தெளிவில்ல. பெரிசாக்க ஏலா. ஹக்கலைப் படம் தெளிவு. அதனால ஹக்கலை."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று மாமி கத்தினாள்.

"எங்க தெளிவில்ல?" ஜவாத் படத்தைப் பறித்தான். "இந்தா பல்லு தெரியிது! ஐஸ்பழம் தெரியிது!"

"சின்னதில அப்பிடித்தான் தெரியும் ஜவாத். பெரிசாக்கினா—"

"எனக்குத் தெரியும் மச்சி. சவூதிப் படம்தான் தெளிவு. எங்கட சேத்துக் கால் எந்த லென்ஸிலயும் தெளிவா வராது."

"டேய், நான் ஒன்ட படத்தத்தான்—" என்று தொடங்கி, அவள் சடாரென்று வாயை மூடிக்கொண்டாள். அதைச் சொல்லி முடித்தால் மாமி அதற்கும் ஒரு அர்த்தம் வைத்திருப்பாள்.

றிபாஸ் பிரேமைத் துடைத்துக்கொண்டு பெருமையாகச் சிரித்தான். "கமெரா பிழையில்ல தம்பி. நீ இருந்த இடம் பிழை."

"அத அடிச்சது நீங்கதானே காக்கா! நீங்கதான் பிழையா அடிச்ச! வேணுமெண்டு அடிச்ச!"

"நான் ஏன்டா வாப்பாட முகத்த வேணுமெண்டு கெடுக்கிற?"

அவர்கள் தொடங்கிவிட்டார்கள். அதற்கு நடுவில் மாமி றம்ஸியாவின் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்தாள். கமீலாவும் பின்னால் வந்தாள். மாமியின் கண் நிறைந்திருந்தது.

"மூத்தவனத்தான் செல்லுவாய் எண்டு எனக்குத் தெரியும் மகள்."

"மாமி, நான் மச்சானச் செல்லல்ல. படத்தச் சென்ன. அது தெளிவா இரிக்கி. அவ்வளவுதான்."

"ஓம் ஓம், தெளிவுதான்." மாமி அவளுடைய கன்னத்தைத் தடவிக்கொண்டு கமீலாவைப் பார்த்தாள். "என்ன வடிவாச் செல்றாள் பாருங்க மச்சி. நெகற்றிவாம், லென்ஸாம்."

"வெக்கம்," என்றாள் கமீலா.

"வெக்கமில்ல உம்மா! வேணாமெண்டு செல்றன். நான் இப்ப கலியாணம் முடிக்கப் போறல்ல. றிபாஸ் மச்சானும் வேணாம், ஜவாத்தும் வேணாம். இதத் தமிழில செல்றன். வேற எப்பிடிச் செல்ல?"

மாமியும் உம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள்.

"நானும் இப்பிடித்தான் வேணாமெண்டு அழுதன்," என்றாள் மாமி. "மாமா மாப்புளயா ஊட்டுக்கு வந்து ஏறினாப் பிறகு பழகிட்டு."

அடுத்த நாள் விடியவே தட்டத்தில் வட்டிலாப்பமும் வாழைப்பழமும் வேலி தாண்டி வந்தது. பின்னேரம் ஒழுங்கையில் போன பொம்பிளை ஒருத்தி, "என்னகா, சவூதிக்குப் பறக்கப் போறியாம்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். றம்ஸியா வாப்பாவிடம் சொன்னாள். சாரம் விற்க வெளியூர் போய் வந்து களைத்துப் படுத்திருந்த வாப்பா, "உம்மாவோட கதை மகள்," என்றார். உம்மாவோடு கதைத்தால் உம்மா சிரித்தாள். வாய் இருக்கிறது, சொல் இருக்கிறது, கேட்கிற காதில்லை. கத்திச் சொன்னால் வெட்கம், மெல்லச் சொன்னால் சம்மதம், சொல்லாமல் விட்டால் அதுவும் சம்மதம்.

படத்தைப் பெரிசாக்கக் கொடுக்கும் வேலையையும் மாமி அவளிடமே தந்தாள். "ஒன்ட படம். நீயே நிண்டு செய்விச்சுக் கொண்டா," என்று சொல்லும்போது 'ஒன்ட' என்பதை ஒரு அமுக்கு அமுக்கினாள்.

றம்ஸியா பிரேமைச் சீலைத்துண்டில் சுற்றிக்கொண்டு கல்முனைக்குப் போனாள். பஸ் நிலையத்தில் காத்து மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது. பாக்கியராசா பிரேமைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்து, வெள்ளை மட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இந்த மட்டையை எறிஞ்சு போடாதேங்கோ. இது இல்லாட்டிப் படம் கண்ணாடியில முட்டும். எங்கட கடல் காத்துக்கு ஒரு மாரியில ஒட்டிப்போகும். பிறகு இழுத்தா முகம் கண்ணாடியோட வரும்."

"சரி."

அவர் அடிமட்டத்தை எடுத்து ஹக்கலைப் படத்தின்மேல் வைத்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"இதில ஒரு சிக்கல் இருக்கு தங்கச்சி. நெகற்றிவ் நீளம். உங்கட பிரேம் நீளம் காணாது. எட்டு இஞ்சி உயரத்துக்கு அடிச்சா, படம் பன்னிரண்டு இஞ்சி நீளத்துக்கு வரும். பிரேம் பத்து. ரெண்டு இஞ்சி வெளியில போகும்."

"வெளியில எண்டா?"

"வெட்டுப்படும். ஆக்கள் தொங்கல் மட்டும் நிக்கினம் பாருங்கோ. ரெண்டு பக்கமும் சரிசமனா வெட்டினா உங்கட பாதியும் போகும், அந்தப் பிளாஸ்க் ஐயாட பாதியும் போகும். அது வடிவில்ல. இல்லாட்டி முழுப் படத்தையும் சின்னதாக்கி, மேலயும் கீழயும் வெள்ளை விட்டு அடிக்கலாம். எல்லாரும் நிப்பினம். முகம் கொஞ்சம் சின்னனா வரும், அவ்வளவுதான். ஆக்கள் அப்பிடித்தான் செய்விக்கிறவை. லாப்புக்காரனுக்குச் சொல்லாட்டி அவன் தன்ட எண்ணத்துக்கு நடுவைப் பிடிச்சு வெட்டிப்போடுவான். அதுக்குத்தான் நான் சின்னப் படத்தில கோடு போட்டு நெகற்றிவோட அனுப்புறது."

அவர் சிவப்பு மெழுகுப் பென்சிலைக் கூராக்கினார். "அப்ப வெள்ளை விட்டு அடிப்பமா?"

றம்ஸியா படத்தைப் பார்த்தாள். இடது தொங்கலில் தான். குளிருக்குக் கையைக் கட்டிக்கொண்டு, தோளில் உம்மாவின் கையைச் சுமந்துகொண்டு, யாரோ வைத்த இடத்தில் வைத்தபடி நிற்கிற ஒருத்தி. அந்தப் பயணம் அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தக் குளிரும் பிடித்திருந்தது. அவள் படித்த கண்டிக் குளிரின் மணம் அதில் இருந்தது. மாமியோடும் அவளுக்குக் கோபமில்லாத நாட்கள் நிறைய இருந்தன. இதையெல்லாம் அவள் யோசித்தாள். ஆனால் அந்தச் சுவரில் அந்தப் படம் தொங்கினால், போகிற வருகிறவர்களுக்கெல்லாம் மாமி விரலை நீட்டிச் சொல்லப்போவது எதை என்றும் யோசித்தாள்.

"வெள்ள வேணாம்," என்றாள். "ஒரு பக்கத்த வெட்டலாமா?"

"வெட்டலாம். எந்தப் பக்கம்?"

"பென்சிலத் தாங்க அண்ணன்."

அடிமட்டத்தை வாங்கி, தனக்கும் உம்மாவுக்கும் நடுவில் நேராக வைத்து, மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற தன்மேல் ஒரு பெருக்கல் குறியும் போட்டாள், லாப்புக்காரனுக்குப் பிழை வரக்கூடாதென்று.

பாக்கியராசா படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நீங்களெல்லோ?"

"ஓம்."

"உம்மாட கை பாதியில போகும். ஆரோ ஒருத்தர்ர தோளைப் பிடிக்கப் போன மாதிரி நிக்கும்."

"நிக்கட்டும்."

அவர் கோடு போட்ட படத்தையும் நெகற்றிவையும் உறையில் போட்டு ஒட்டினார்.

படம் கொழும்பில் இருந்து வந்தபோது உண்மையிலேயே தெளிவாக இருந்தது. பாக்கியராசா மட்டைக்குப் பின்னால் வைத்து, பின்பலகையைச் சின்ன ஆணிகளால் இறுக்கி, ஓரத்தில் தூசி போகாமல் கடதாசி ஒட்டிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து எல்லாரும் சாப்பிட்டுவிட்டு இருந்த நேரம் றம்ஸியா அதை மாமியின் மேசையில் வைத்துச் சீலைத்துண்டை அவிழ்த்தாள்.

"மாஷா அல்லாஹ்!" என்றான் றிபாஸ். "பாரு, சேட்டு பட்டன் கூடத் தெரியிது."

"என்ட மூஞ்சயும்தான் தெரியிது," என்றான் ஜவாத். "வயித்துவலிக்காரன் மாதிரி. எங்க அடிக்கிற ஆணிய?"

"கண்ணுக்கு நேர அடி."

"யார்ர கண்ணுக்கு? ஒங்கட கண்ணுக்கா, உம்மாட கண்ணுக்கா? காக்கா, நீங்க அடுத்த மாசம் போயிருவீங்க. இஞ்ச இரிக்கிறவன்ட கண்ணுக்கு அடிக்கணும்."

"நாலு விரல் மேல வெச்சா என்னடா கொறஞ்சி போற?"

சுத்தியலுக்கு இரண்டு பேரும் இழுபட்டார்கள். மீராமுகைதீன் மாமா எழும்பி வந்து, படத்தில் தன்னுடைய பிளாஸ்க் முழுசாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, திருப்தியோடு போய் இருந்தார். கமீலா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தாள். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஆறு பேர் நின்ற இடத்தில் ஐந்து பேர் நிற்கிறார்கள், அந்த ஆறாவது ஆள் கண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறாள், ஒருத்தருக்கும் தெரியவில்லை! றம்ஸியாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினாள்.

மாமிதான் கண்டாள். விரலை நீட்டி, வலது பக்கத்தில் இருந்து ஒவ்வொரு முகமாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். புருசன், இளையவன், மூத்தவன், தான், கமீலா. கமீலாவின் நீட்டின கையோடு விரலும் போய்ப் பொன் நிறச் சட்டத்தில் முட்டி நின்றது.

"மகள். நீ எங்க?"

"பிரேமுக்க இடம் காணல்ல மாமி. ஒருத்தர வெட்டணும் எண்டாங்க."

"யாரு வெட்டின?"

"நான்தான். பென்சில வாங்கி நானே கோடு போட்டன்."

கமீலா "அல்லாஹ்வே" என்று வாயைப் பொத்தினாள். சுத்தியலை இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்கள். என்ன நடந்ததென்று அவர்களுக்கு விளங்கவில்லை.

மாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று சொல்லிச் சிரிக்க இந்த முறை அவளுக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை. கடைசியில், அழுகை முட்டின கோபத்தோடு, கதிரைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"இந்த மனிசன வெட்டியிருக்கலாமே புள்ள! பிளாஸ்கும் ஆளும்! இவர் இல்லாட்டி இப்ப யாருக்கு என்ன?"

மாமா ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

"இல்ல மாமி," என்றாள் றம்ஸியா. "இது ஒங்கட செவர். ஒங்கட ஆக்கள் நிக்கட்டும்."

பிறகு மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, றம்ஸியாவைப் பார்க்காமலே, மகன்மாரைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கீங்க? ஆணிய அடிங்கடா."

"எங்க உம்மா?" என்றான் றிபாஸ். "மேலயா, கீழயா?"

"மச்சியிட்டக் கேப்பம்," என்றான் ஜவாத்.

"அவள்ட்ட ஒண்டும் கேக்க வேணாம்," என்றாள் மாமி. "அவள் செல்லிட்டாள்."